"என்னைத் தெரிகிறதா?" – "அம்மா, நான் கமலா"

மறதிநோய் உள்ள அம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் பலரும் ஆசையோடு கேட்பது, "நான் யார் சொல்லுங்கள்?" என்றுதான். எனக்கு இது அறவே பிடிக்காது. பெயரை நினைவிலிருந்து தேடி எடுப்பது இந்த நோயில் மிகவும் கடினமான வேலைகளில் ஒன்று. அதையே முதல் வார்த்தையாகக் கேட்கிறோம். அவர் கண்கள் நம் முகத்தை விட்டுக் கதவுப் பக்கம் ஓடும், விரல்கள் போர்வை ஓரத்தை இறுகப் பிடிக்கும். சிலர் தெரிந்ததுபோல் சிரித்துச் சமாளிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு வழியில், விடையை நாமே கொடுத்துவிடுகிறோம். பின்னாலிருந்து தொடாமல், அவர் பார்க்கும்படி முன்னால் வந்து, கண் மட்டத்திற்கு உட்கார்ந்து, "அம்மா, நான் உங்கள் மகள் கமலா" என்று சொல்லி நிறுத்த வேண்டும். அவர் நம்மைப் பார்த்த பிறகே, "தலைவாரிவிட வந்திருக்கிறேன்" என்று சீப்பைக் காட்ட வேண்டும். அந்த இடைவெளி முக்கியம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காமல் போகலாம். பத்து நிமிடம் வெளியே போய்வந்தாலும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. தம்மை இருபது வயதுப் பெண்ணாக உணரும் நேரத்தில், நரைத்த தலையோடு ஒருத்தி "உங்கள் மகள்" என்றால் அவர் மிரண்டுபோகலாம். அப்போது உறவை வற்புறுத்தாமல், "நான் கமலா, தலைவாரிவிடட்டுமா?" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளியாள் பராமரிக்கிறார் என்றால், அம்மாவை இளமையில் எல்லோரும் கூப்பிட்ட பெயரைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்துப் பெயருக்குத் திரும்பாதவர் அதற்குத் திரும்பக்கூடும்.