அம்மாவின் மருத்துவ போர்ட்டலில் என் சொந்தப் பெயரில் நுழைவது: மூன்று வருடப் பயன்பாடு

அலுவலகத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, அம்மாவோட பாஸ்வேர்டைக் கேட்டு டைரியில எழுதி வச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு இவ்வளவு சுத்து?" அவளுடைய பெற்றோரும் எங்கள் அம்மாவைப் போலவே வருடத்தில் பாதியை அமெரிக்காவில் மகன் வீட்டிலும் மீதியை மதுரையிலும் கழிப்பவர்கள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இங்கே நம் ஊரில் "ஓடிபி சொல்லுங்கம்மா" என்று கேட்டே எல்லா வேலையும் நடப்பதால், பாஸ்வேர்டைக் கைமாற்றுவது தவறு என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றின் போர்ட்டலில், நோயாளி தன் கணக்கிலிருந்தே இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க முடியும். மருத்துவமனையைப் பொறுத்து மெனுவில் Proxy Access, Share My Record, Friends and Family Access என்று ஏதாவது ஒரு பெயரில் அது இருக்கும். அனுமதி பெற்றவர் தன் சொந்த ஈமெயில், தன் சொந்த பாஸ்வேர்டு கொண்டு உள்ளே வருவார். அம்மாவின் ரிப்போர்ட், மருந்துப் பட்டியல், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அவருக்குத் தெரியும். டாக்டருக்குச் செய்தி அனுப்பினால், அம்மாவுக்காக இன்னார் எழுதுகிறார் என்று அந்தப் பக்கம் தெரியும்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகவே இதை நான் விடமாட்டேன். அம்மாவின் பாஸ்வேர்டில் புகுந்து "ரெண்டு நாளா தலைசுத்தல்" என்று எழுதினால், நோயாளியே எழுதியதாக டாக்டர் எடுத்துக்கொள்வார். அவரே டைப் செய்யும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறார் என்பதும் டாக்டருக்கு ஒரு தகவல்தான். அது பொய்யான தகவலாகிவிடும். "அம்மாவுக்குத் தலைசுத்தல்" என்று எழுதினாலோ, இந்த நோயாளியின் அம்மாவுக்கா என்று நர்ஸ் குழம்புவார்.

பாஸ்வேர்டு வழி மதுரையில் நடைமுறைக்கும் ஒத்துவராது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் அம்மாவின் அமெரிக்க மொபைலுக்குப் போகும். அந்த சிம் இங்கே வந்ததும் கழற்றிப் பர்சில் வைக்கப்படுகிற சிம். அவசரம் என்று உட்காரும்போது எண் வராது, நாலு தடவை முயன்றால் கணக்கே பூட்டிக்கொள்ளும். நம் சொந்தக் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சரிபார்ப்பு எண்ணை எஸ்எம்எஸ்ஸுக்குக் கேட்காதீர்கள். +91 எண்ணுக்குச் சில இடங்களில் வராது. ஈமெயில் அல்லது ஆதன்டிகேட்டர் செயலியைத் தேர்ந்தெடுங்கள்.

அமைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அம்மாவின் கணக்கில் பதிவாகியிருக்கும் ஈமெயில் யாருடையது? பெரும்பாலான வீடுகளில் கணக்கு தொடங்கிக் கொடுத்த பிள்ளையின் ஈமெயில்தான் இருக்கும். அப்படியிருந்தால் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று யார் அழுத்தினாலும் புதுச் சாவி அந்தப் பிள்ளைக்குப் போகும். பிறகு தனி அனுமதி கொடுத்து என்ன பயன்? முதலில் அம்மாவுக்கென்று ஒரு ஈமெயில் தொடங்கி அதை மாற்றுங்கள்.

அடுத்து, அம்மா தன் கணக்கில் நுழைந்து, அனுமதிப் பக்கத்தில் உங்கள் பெயர், உங்கள் ஈமெயில், எவ்வளவு பார்க்கலாம் என்பதைத் தேர்ந்து அழைப்பை அனுப்ப வேண்டும். முழு அனுமதியா, பார்க்க மட்டுமா என்ற தேர்வு பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு வரும் இணைப்பைத் திறந்தால், சரிபார்ப்புக்காக அம்மாவின் பிறந்த தேதியைக் கேட்கும். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. ஜூலை 4 என்பது 07/04. நாம் பழக்கத்தில் 04/07 என்று போட்டால், அதுவும் ஒரு செல்லுபடியான தேதிதான் என்பதால், கட்டம் சிவக்காது. பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லும். நாள் 12-க்கு மேல் இருந்தால்தான் உடனே தப்பு தெரியும். இன்னொன்று, வீட்டில் கொண்டாடும் பிறந்தநாள் வேறு, பள்ளியில் சேர்க்கும்போது எழுதிக்கொடுத்த தேதி வேறு என்பது அந்தத் தலைமுறையில் சாதாரணம். பாஸ்போர்ட்டில் உள்ளதைப் போடுங்கள். அழைப்புக்குக் காலக்கெடு உண்டு, கடந்துவிட்டால் அம்மா மறுபடி அனுப்ப வேண்டும்.

அந்த மருத்துவமனையில் நீங்கள் நோயாளி இல்லை என்றாலும் கணக்குத் தொடங்கலாம். எங்கள் அம்மா போகும் மருத்துவமனையின் படிவம் அமெரிக்க ஜிப் கோடு இல்லாமல் நகர மறுத்தது. தம்பி வீட்டு முகவரியைப் போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் நாளைக்கு அடையாளம் சரிபார்க்கச் சொன்னால் பொருந்தாது. அவர்களுடைய மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போன் செய்து காகிதப் படிவம் வாங்கி, அம்மா கையெழுத்திட்டு அனுப்பினால் அவர்களே பதிவு செய்துவிடுகிறார்கள்.

பயன் எப்படி என்று ஒரு உதாரணம். அம்மாவுக்கு வயது 81, எடை 57 கிலோ, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் ரத்தம் உறையாமலிருக்க ஏபிக்சபான் எடுக்கிறார். மதுரையில் அலமாரியில் இருந்த பழைய அட்டை 5 மில்லிகிராம். அங்கேயிருந்து கொண்டுவந்தது 2.5. எது சரி என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க" என்றார். போர்ட்டலில் மருந்துப் பட்டியலைத் திறந்தால் 2.5, தினம் இரண்டு வேளை என்று இருந்தது. அதன் காரணம் டாக்டரின் குறிப்பில் இருந்தது: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் குறைவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டு பொருந்தினால் இந்த நோய்க்கு அளவைப் பாதியாக்க வேண்டும். அம்மாவின் கிரியேட்டினின் 1.1தான், ஆனால் வயதும் எடையும் பொருந்திவிட்டன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து இங்கேயுள்ள இதய மருத்துவரிடம் காட்டியதும், அவர் பழைய அட்டையை ஒதுக்கச் சொன்னார்.

அங்கேயும் ஒரு செய்தி போட்டேன். மூன்று வரி போதும்: எழுதுவது மகள், அம்மா இப்போது மதுரையில் இருக்கிறார், பழைய 5 மில்லிகிராம் அட்டையை நிறுத்திவிட்டோம், இது சரிதானா. அம்மா இருக்கும் ஊரைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லையென்றால் "நாளைக்கு வந்து ரத்தம் கொடுங்கள்" என்று பதில் வரும். கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலை 9 மணி நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பதிலுக்கு இரண்டு மூன்று வேலை நாள் ஆகலாம். நெஞ்சுவலிக்கு இதில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, 108-தான்.

இனி எரிச்சல். மூன்று வருடமாகத் தீராத ஒன்று. அம்மாவின் பொது மருத்துவர் ஒரு மருத்துவமனை, இதய மருத்துவர் வேறொரு மருத்துவமனை. இரண்டு இடத்திலும் பார்க்க ஒரே மாதிரியான போர்ட்டல். ஆனால் ஒரு இடத்தில் கொடுத்த அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது. பதிவேடு அந்தந்த மருத்துவமனையின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதியும் அவர்கள்தான் தர வேண்டும். காரணம் புரிகிறது. ஆனாலும் 81 வயது அம்மாவை இரண்டு தடவை உட்கார வைத்து, இரண்டு அழைப்பு, இரண்டு கணக்கு, இரண்டு சரிபார்ப்பு என்று நடத்தும்போது பொறுமை போகிறது. ஒரு இடத்தில் வந்த ரிப்போர்ட்டை இன்னொரு இடத்தில் தேடி, வரவில்லை என்று பயந்ததும் உண்டு. அறிவிப்புகளையும் ஒவ்வொரு கணக்கிலும், அம்மாவின் பெயருக்கென்று தனியாக இயக்க வேண்டும்.

பிள்ளைகள் யோசிக்காத ஒன்று டாக்டரின் குறிப்பு. 2021 ஏப்ரல் 5 முதல் அங்கே பரிசோதனை முடிவுகளையும் குறிப்புகளையும் மருத்துவமனைகள் காரணமின்றித் தாமதிக்கக் கூடாது என்று மத்திய அரசின் விதி நடப்பில் இருக்கிறது. அதனால் டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே ரிப்போர்ட் நம் கைக்கு வந்துவிடலாம், நடுராத்திரியில், தனியாக. குறிப்பில் அம்மா டாக்டரிடம் மனம்விட்டுச் சொன்னதும் இருக்கும்: மருமகளோடு ஒத்துப்போகவில்லை, தூக்கமில்லை, மாத்திரையைச் சில நாள் விட்டுவிடுகிறேன். முழு அனுமதி என்றால் அத்தனையும் நமக்குத் தெரியும். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தெரியக்கூடாது என்று நினைப்பதை டாக்டரிடம் சொல்லி அந்தக் குறிப்பைப் பகிராமல் வைக்கக் கேட்கலாம். அல்லது குறைந்த அனுமதியைத் தேர்ந்தெடுக்கலாம். அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால், தன் கணக்கில் என் பெயருக்கு எதிரே உள்ள நீக்கு பொத்தானை அழுத்தினால் போதும். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டு என் டைரியில் இருந்திருந்தால் இந்தச் சுதந்திரம் அவருக்கு இருந்திருக்காது.

இந்த அனுமதியை வைத்து எல்லாம் செய்யலாம் என்று எண்ணாதீர்கள். கிளினிக்குக்குப் போன் செய்தால், அம்மா தனியாகக் கையெழுத்திட்ட ஒப்புதல் கோப்பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். போர்ட்டலில் பெயர் இருப்பது அதற்கு ஈடாகாது. சிகிச்சை முடிவெடுக்கும் உரிமையும் இதில் வராது, அதற்கு மருத்துவ பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் போர்ட்டல் முற்றிலும் வேறு. அழைப்பை அனுப்ப வேண்டியது அம்மா என்பதால், நினைவு மங்கிய பிறகு இந்த வழி அடைபட்டுவிடும். பிறகு சட்ட ஆவணத்தோடுதான் போய் நிற்க வேண்டும்.

நட்சத்திரம் போடச் சொன்னால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. இரண்டு மருத்துவமனைக்கும் ஒரே அனுமதி என்று ஆகும்வரை அதற்கு மேல் தர மனம் வரவில்லை. அம்மாவின் பாஸ்வேர்டை மட்டும் வாங்கமாட்டேன். அடுத்த பயணத்தில் கண் புரை பார்க்க அம்மா மூன்றாவது மருத்துவமனைக்குப் போகப் போகிறார். அங்கே போய் இறங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை, சிம் போட்ட போனோடு தம்பியை அம்மா பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பிறந்த தேதியை 07/04 என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிட்டேன்.