மூட்போர்ட் மட்டுமா, வாங்கும் பட்டியலும் சேர்த்தா?

போனில் ஹோலைப் படமெடுத்து அனுப்பினால் அலங்கார யோசனை தரும் சேவைகளில், பெரும்பாலும் இரண்டு பொதிகளுக்குள்தான் யாழ்ப்பாணத்தவர் தடுமாறுவார்கள். மலிவானதில் நிறம், துணி, மரவகை காட்டும் மூட்போர்ட் மட்டும் வரும். விலை கூடியதில் அளவுப்படமும் வாங்கும் பட்டியலும் சேரும்.

மூட்போர்ட் அழகாய்த்தான் இருக்கும், ஆனால் அதில் அளவு இல்லை. 10 அடி அகல ஹோல் ஒன்றை எடுங்கள். செற்றி 3 அடி, இடைவெளி ஒன்றரை, ரீப்போ 2, நடக்கும் வழி இரண்டரை, ரிவி ஸ்ராண்ட் ஒன்றரை. கூட்டினால் பத்தரை அடி! அரை அடி இடிக்கிறதை அளவுப்படம்தான் காட்டும். அதுவும் நீங்கள் நாடா பிடித்து அளந்து கொடுத்தால். போனின் 0.5x வில்லையில் எடுத்த படத்தில் சின்ன ஹோலும் மண்டபமாய்த் தெரியும். 1x இல் எடுங்கள்.

பட்டியலில்தான் சிக்கல். அதிலுள்ள சாமான் கொழும்புக் கடையுடையதென்றால் ஏற்றுக்கூலி பொதிக் கட்டணத்துக்குள் வராது. ஒன்று முடிந்துபோனால் மாற்றுத் தருவார்களா, எத்தனை தரம் திருத்துவார்கள் என்று காசு கட்டமுன் கேளுங்கள்.

தெரிந்த தச்சர் இருந்தால் நான் விலை கூடியதையே எடுப்பேன், ஆனால் கடை இணைப்புக்குப் பதிலாக ஒவ்வொரு சாமானின் நீள அகல உயரத்தை எழுதித் தரச் சொல்லி. சுவர் நிறமும் திரைச்சீலையும் மட்டும் மாற்றுபவருக்கு மலிவானதே காணும்.