இடிஐ: போர்டலா, வலையமைப்பு அஞ்சல்பெட்டியா, நேரடி இணைப்பா?

பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்புவோர், வணிக ஆவணங்களைக் கணினிக்குக் கணினி மின்வழியில் பரிமாறிக்கொள்ளும் இடிஐ முறைக்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, கொள்முதல் ஆணை எவ்வளவு எளிதாக வந்து சேரும் என்பதையே முதலில் பார்க்கிறார்கள். போர்டல், வலையமைப்பு அஞ்சல்பெட்டி, நேரடி இணைப்பு என்னும் மூன்று வழிகளிலும் ஆணை சிக்கலின்றி வந்துவிடும். அவற்றின் தரம் தெரிவது திரும்பிச் செல்லும் சரக்கு அனுப்பு அறிவிப்பில்தான், அதாவது ஏஎஸ்என்னில்தான். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் இந்த அறிவிப்பு லாரிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பிந்தினாலோ பெட்டிகளோடு பொருந்தாவிட்டாலோ, வாங்குபவர் அபராதத்தை நம் பில் தொகையிலேயே கழித்துக்கொள்வது வழக்கம்.

ஓர் ஆணையை எடுத்துக்கொள்வோம்: ஒரே பொருள், 480 எண்ணிக்கை, பெட்டிக்கு 12 வீதம் 40 பெட்டிகள். கிடங்கில் 38 பெட்டிகளே தேறின. எக்ஸ்12 என்னும் இடிஐ தரவடிவ முறையில் ஆணை 850 என்றும் ஏஎஸ்என் 856 என்றும் அழைக்கப்படும். 856இல் ஒரு பெட்டிக்குரிய பகுதி இப்படி இருக்கும்:

```
HL*3*2*P~
MAN*GM*00006141411234567890~
HL*4*3*I~
LIN**UP*012345678905~
SN1**12*EA~
```

இரண்டாம் வரியில் இருப்பது பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளின் எண். முதல் இரண்டு சுழிகளை நீக்கினால் மீதமுள்ள 18 இலக்கங்கள் எஸ்எஸ்சிசி எனப்படும். உலகில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது.

வாங்குபவரின் இணையப் போர்டலில் கணக்குத் திறந்தால், மென்பொருளும் சர்வரும் இல்லாமலே வேலையைத் தொடங்கிவிடலாம். திரையில் ஆணையைப் பார்த்து, அனுப்பிய அளவை உள்ளிட்டால் ஏஎஸ்என் உருவாகிவிடும். ஆனால் பல போர்டல்கள் ஆணையின் அளவையே முன்கூட்டி நிரப்பி வைத்திருக்கும். மாலை அவசரத்தில் 40ஐ 38 ஆக மாற்ற மறந்தால், வராத இரண்டு பெட்டிகளுக்கும் அறிவிப்பு போய்விடும். எஸ்எஸ்சிசியைக் கையால் தட்டும்போது ஓர் இலக்கம் பிழைத்தால், கடைசியில் உள்ள சரிபார்ப்பு இலக்கம் காட்டிக்கொடுக்கும். இரு பெட்டிகளின் லேபிள்கள் இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தால், இரண்டு எண்களுமே செல்லுபடியானவை என்பதால் அது எதையும் கண்டுகொள்ளாது. மாதத்துக்குச் சில ஆணைகள் மட்டுமே என்றால் போர்டல் போதும். பெட்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது சிக்கனம் ஆகாது.

மதிப்புக்கூட்டு வலையமைப்பு என்னும் இரண்டாம் வழி, இரு தரப்புக்கும் நடுவே அஞ்சல்பெட்டி வைத்து நடத்தும் சேவை. ஒரே இணைப்பில் எல்லா வாடிக்கையாளர்களையும் எட்டலாம் என்பது இதன் பெரும் வசதி. கட்டணம் எழுத்துகளின் அளவைப் பொறுத்து அமைந்தால்தான் கணக்கு இடிக்கும். மேலே உள்ள பகுதி ஏறத்தாழ 80 எழுத்துகள். 40 பெட்டிகளுக்கு 3,200 எழுத்துகள் என்றால் 400 பெட்டிகளுக்கு 32,000 ஆகும். ஆணையோ இரண்டிலும் அதே ஒற்றை வரிதான். ஆகவே ஆணைகளின் எண்ணிக்கையை வைத்துச் செலவைக் கணிப்பவர் ஏமாறுவார். இன்னொன்று: கோப்பை அஞ்சல்பெட்டியிலிருந்து குறித்த இடைவெளியில்தான் எடுக்கிறார்கள் என்றால், வாங்குபவரின் கிடங்கு அருகில் இருக்கும்போது லாரி முந்திவிடக்கூடும்.

மூன்றாவது ஏஎஸ்2 என்னும் நேரடி இணைப்பு. 2005இல் ஆர்எஃப்சி 4130 ஆக வெளியான இந்நெறிமுறையில், கோப்பு மறைகுறியாக்கப்பட்டு இணையம் வழியாக நேரே வாங்குபவரின் சர்வருக்குப் போகிறது. எம்டிஎன் என்ற ரசீது உடனுக்குடன் திரும்பி வரலாம். எழுத்துக் கட்டணமும் இடைத்தங்கலும் இல்லை. பதிலுக்கு, சர்வரை இரவு பகலாக இயக்குவதும், சான்றிதழ் காலாவதியாகும் முன் இரு தரப்பும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வதும் நம் தலையில் விழும். மாற்றத்தில் ஒருவர் பிந்தினால் அந்த இணைப்பில் கோப்புகள் நின்றுவிடும்.

எம்டிஎன் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களை அடிக்கடி காணலாம். கோப்பு பழுதின்றிச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. கோப்பின் இலக்கண அமைப்பு சரியா என்பதை, வாங்குபவர் திருப்பி அனுப்பும் 997 என்னும் ஒப்புகை சொல்லும். 38க்குப் பதில் 40 என்று எழுதியிருப்பதை அந்த இரண்டுமே சொல்லாது. லேபிளை வாங்குபவரின் கிடங்கில் ஸ்கேன் செய்யும்போதுதான் அது வெளிப்படும்.

பெட்டிகள் அதிகமாகவும் வாடிக்கையாளர்கள் ஓரிருவராகவும் இருந்தால் ஏஎஸ்2ஐயும், வாடிக்கையாளர்கள் பலராக இருந்தால் எழுத்துக் கணக்கில்லாத கட்டணத்துக்குப் பேசி முடித்த வலையமைப்பையும் நான் பரிந்துரைப்பேன். எதை எடுத்தாலும், ஏஎஸ்என்னை ஆணையிலிருந்து நகலெடுக்காமல், பெட்டியை லாரியில் ஏற்றும்போது எடுக்கும் ஸ்கேனிலிருந்து உருவாக்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு 856க்கும் 997 வந்ததா என்று லாரி போய்ச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.