நாலு வருஷம், ஒரு ஓவன், தீய்ந்து போன ஓர் இடது மூலை

தோழி ஒருத்தி நேற்றுக் கேட்டாள், "உன்கிட்ட இருக்கிற அதே ஓவனைத்தான் பார்த்து வச்சிருக்கேன், கிரனோலா பண்ண நல்லா இருக்குமாடி?" என்று. போன மாதம்தான் அதில் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். அந்தச் சூடு இன்னும் ஆறாததால் பதில் நீண்டு போய்விட்டது. அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் போடுகிறேன்.

எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும். கேக், பிஸ்கட் பற்றியும் குறை இல்லை. என் சண்டை முழுக்க, ஓட்ஸையும் பாதாம் வகையறாவையும் தேனில் கலந்து ஓவனில் வறுத்தெடுக்கிற கிரனோலாவோடுதான். நாலு வருஷமாக வாரம் ஒரு முறை செய்கிறேன். நாலு வருஷமும் பின்பக்கத்து இடது மூலையில் ஒரு கைப்பிடி கருகும். நடுவில் இருப்பது அப்போதும் வெளுத்து, ஈரமாகக் கிடக்கும். நடு வேகட்டும் என்று விட்டால் மூலை கரி, மூலையைக் காப்பாற்றலாம் என்று எடுத்தால் நடு சவசவ. கருகியதைப் பொறுக்கிப் போட்டுவிடலாமே என்பீர்கள். கலந்த பிறகு எங்கே பொறுக்குவது? கருகின பாதாம் நாலு துண்டு போதும், கிண்ணம் முழுக்கக் கசப்புதான்.

தெர்மோஸ்டாட் மேல்தான் முழுப் பழியையும் போட்டேன். ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தபோது, குமிழை 150 டிகிரியில் வைத்தால் உள்ளே 180 காட்டியது. ஓட்ஸுக்கு அது பெரிய வித்தியாசம். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும், அதனால்தான் தேன் போட்ட கிரனோலா கொஞ்சம் கண்ணசந்தாலும் காந்துகிறது. கம்பெனியில் புகார் சொன்னால் "நார்மல்தான் மேடம், பத்து இருபது முன்னே பின்னே இருக்கும்" என்றார்கள். நான் சொன்னது முப்பது. சரி, விடுங்கள்.

கடைசியில் அந்தத் தெர்மோஸ்டாட் ஒரேயடியாகச் செத்து, மெக்கானிக் வந்து மாற்றிக் கொடுத்தார். இப்போது 150 என்றால் சராசரியாக 150தான், தெர்மாமீட்டரும் ஒத்துக்கொள்கிறது. சந்தோஷமாக ஒரு ட்ரே வைத்தேன். அதே இடது மூலை, அதே கரி.

அன்றைக்குத்தான் உண்மையிலேயே கோபம் வந்தது. ட்ரே இல்லாமல் கம்பி வலை முழுக்க ஆறு ரொட்டித் துண்டுகளை அடுக்கி, பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். பின் இடது துண்டு நல்ல பழுப்பு, முன் வலது துண்டு வெள்ளை வெளேர். சூடு எங்கே கூடுகிறது என்பது ரொட்டியில் வரைபடம் மாதிரி பதிந்திருந்தது. இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் கண்ணாடிக் கதவு வழியாக உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. கிளறுவதற்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ட்ரேயைப் பாதி இழுத்து, நிதானமாக ஒரு நிமிடம் கிளறுவேன். அதற்குள் உள்ளே சூடு இறங்கிவிடும். கதவை மூடியதும் தெர்மோஸ்டாட், சூடேற்றுகிற ராடுகளை முழுசாக எரிய விடும். சிவந்த ராடிலிருந்து நேராக இறங்குகிற அனல், காற்றின் சூட்டைப் போல மெதுவாக வேலை செய்யாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைச் சுட்டுவிடும். சின்ன ஓவனில் எல்லாமே ராடுக்குப் பக்கத்தில்தான். ஆக, கருகக்கூடாது என்று நான் கிளறக் கிளற, கருகலுக்கு நானே விறகு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூடவே கொடுத்த ட்ரேயும் ஒரு காரணம். அகலமாக இருந்தால் நிறைய வைக்கலாம் என்று, சுவரை ஒட்டி நிற்கிற அளவுக்கு அடித்திருக்கிறார்கள். சுற்றிக் காற்று போக வழியில்லை. போதாததற்குக் கறுப்பு ட்ரே, கறுப்பு அனலை நன்றாக இழுக்கும். ஓரத்தில் கலவை மெல்லிசாகப் பரவியும் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்வது இப்படி. ரோல்டு ஓட்ஸ் 300 கிராம், நறுக்கிய பாதாமும் வால்நட்டும் சேர்த்து 120, தேன் 90 கிராம், எண்ணெய் 60 மில்லி, அரை டீஸ்பூன் உப்பு. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், மாவாகிவிடும். தேனையும் எண்ணெயையும் முதலில் அடித்துக் கலந்து ஊற்ற வேண்டும், தனித்தனியாக ஊற்றினால் தேன் ஓர் இடத்தில் திட்டாக நின்று, அந்தத் திட்டு முதலில் கருகும். ஓவனோடு வந்த ட்ரேயை ஓரம் கட்டிவிட்டு, நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிற மாதிரி வெளிர் நிற அலுமினிய ட்ரே ஒன்றில் பட்டர் பேப்பர் போட்டுப் பரப்புகிறேன். ஓரத்தை நடுவைவிட மெல்லிசாக விடுவதில்லை.

140 டிகிரி, நடுத்தட்டு. பன்னிரண்டாவது நிமிடம் ட்ரேயை முழுசாக வெளியே எடுத்து, உடனே கதவைச் சாத்திவிட்டு, மேடையில் வைத்துக் கிளறுகிறேன். சும்மா கிண்டுவது இல்லை, ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் நடுவில் இருப்பது ஓரத்துக்கும் போக வேண்டும். திரும்ப வைக்கும்போது ட்ரேயின் முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வைக்கிறேன். இந்த முதல் கிளறலில் நிறமே மாறியிருக்காது, ஏமாற வேண்டாம். இருபத்திரண்டாவது நிமிடம் வறுத்த வாசனை வரும், மறுபடி கிளறல், திருப்பல். அதற்குப் பிறகு அங்கே இங்கே போகக் கூடாது, நிறம் மாறுவதெல்லாம் இந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். எள், தேங்காய்த் துருவல் போடுவதானால் முப்பதாவது நிமிடம், கடைசியாகக் கிளறும்போது. முதலிலேயே போட்டால் ஓட்ஸ் வேகும் முன்னே அவை தீய்ந்துவிடும். உலர் திராட்சை எல்லாம் ஆறின பிறகுதான், ஓவனுக்குள் போனால் கல்லாகிவிடும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் நான் அதிகம் ஏமாந்திருக்கிறேன். சூடாக இருக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். இன்னும் வேகவில்லை என்று ஐந்து நிமிடம் கூட விட்டால் தீர்ந்தது. மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வருகிறது. அதனால் கையால் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு பாதாம் துண்டை இரண்டாக வெட்டிப் பார்க்கிறேன், உள்ளே தந்த நிறம் போய் லேசான பழுப்பு தட்டியிருந்தால் போதும். எனக்கு அது 36 நிமிட வாக்கில் வருகிறது. கட்டி கட்டியாக வேண்டுமென்றால் கடைசிக் கிளறலுக்குப் பின் கரண்டியால் அழுத்திவிட்டு, ஆறும் வரை கையே வைக்கக்கூடாது. கொஞ்சம் நிறம் கூடிவிட்டது என்று தோன்றினால் மட்டும் பட்டர் பேப்பரோடு தூக்கி வேறு ஆறின ட்ரேக்கு மாற்றிவிடுங்கள், சூடான ட்ரே வெளியே வந்த பிறகும் வறுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிச் செய்து நாலு வாரமாக ஒரு துண்டுகூடக் கருகவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஓவன் நல்ல ஓவன்தான். ராடு நாலு வருஷத்தில் ஒரு முறைகூடப் போகவில்லை, கதவு இன்னும் இறுக்கமாக மூடுகிறது, வெளியே சூடு தெரியாது. போன வாரக் கிரனோலாவை டப்பா திறந்து ஒரு பிடி சாப்பிட்டபடிதான் இதை எழுதுகிறேன், பிரமாதமாக இருக்கிறது.

ஆனாலும் அவளிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ட்ரேயை நான் தேடி வாங்க வேண்டும், தெர்மாமீட்டரை நான் வாங்க வேண்டும், சூடு எங்கே அடிக்கிறது என்று ரொட்டி அடுக்கி நானே கண்டுபிடிக்க வேண்டும் என்றால், அப்புறம் அவர்கள் விற்றது எதை? "அப்போ உன்னோடதை எனக்குக் குடுத்துடேன்" என்றாள். அது முடியாது.