ஃபிரன்ட் லோடா, டாப் லோடா? வாரண்டி முடிந்த பிறகு தெரிகிற கணக்கு

நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் 5 தடவை வாஷிங் மெஷின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோ ஃபிரன்ட் லோடு ஒரு தடவைக்குச் சுமார் 55 லிட்டர் தண்ணீர் எடுக்கும். அதே அளவு டாப் லோடுக்கு 120 லிட்டர் வரை போகும். வாரத்துக்கு 325 லிட்டர், வருடத்துக்கு 16,900 லிட்டர் வித்தியாசம். தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீட்டுக்கு இது பெரிய மிச்சம்தான். ஆனால் ஃபிரன்ட் லோடு வாங்கும்போதே விலை கூடுதல். அதில் வரக்கூடிய ஒரே ஒரு பெரிய ரிப்பேர் இந்த மிச்சத்தை மொத்தமாக விழுங்கிவிடலாம். அந்த ரிப்பேர் டிரம் பேரிங்.

டாப் லோடில் துணி தண்ணீரில் மூழ்கி நிற்கும், அடியில் உள்ள பல்சேட்டர் அதைச் சுழற்றும். ஃபிரன்ட் லோடில் தண்ணீர் டிரம்மின் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். துணி மேலே போய்ப் போய் விழுந்து அழுக்கை விடும். சட்டைக் கைகள் முறுக்கிக்கொள்வதும் நூல் பிசிறு ஒட்டுவதும் இதில் குறைவு. மெல்லிய துணிக்கு ஃபிரன்ட் லோடுதான், இதில் வாதமே வேண்டாம். ஹீட்டர் உள்ள மாடலில் 40 டிகிரியில் துவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். ஆனால் ஒரு தடவை முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரம்மை முட்ட முட்ட அடைத்தால் துணி விழ இடம் இருக்காது, அழுக்கும் போகாது. துணிக்கு மேலே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும்.

இனி பேரிங். ஃபிரன்ட் லோடில் டிரம்மின் மொத்தப் பாரமும் பின்பக்க ஷாஃப்டில் தொங்குகிறது. அங்கே இரண்டு பேரிங், அவற்றுக்கு முன்னால் தண்ணீரைத் தடுக்க ஒரு ரப்பர் ஆயில் சீல். சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். பிறகு பேரிங் துருப்பிடிக்கும். இதைச் சீக்கிரம் வரவழைப்பவை இரண்டு: ஒன்று ஓவர் லோடு, இன்னொன்று அளவுக்கு மீறிய சோப்பு. டாப் லோடுக்கான பவுடரை இதில் போட்டால் நுரை பொங்கும், கொஞ்சத் தண்ணீரில் சரியாக அலசவும் படாது. ஷாஃப்டைத் தாங்கும் மூன்று கை அலுமினிய பிராக்கெட்டில் அந்தச் சோப்பு மிச்சம் படிந்து, அதையும் மெல்ல அரிக்கும்.

பேரிங் போகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் சந்தேகம். அடுத்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். டிரம்மும் வெளித் தொட்டியும் சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம். டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் போய்விட்டது. அதன் பிறகும் ஓட்டினால் ஷாஃப்டில் பள்ளம் விழும், புது சீல் போட்டாலும் கசியும். மாற்றும்போது இரண்டு பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இதில் செலவைத் தீர்மானிப்பது தொட்டியின் அமைப்பு. இரண்டு பாதிகளாக ஸ்குரூ போட்ட தொட்டி என்றால் பிரித்துப் பேரிங்கை மட்டும் மாற்றலாம், கூலிதான் அதிகம். இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தொட்டி செட்டையே மாற்றச் சொல்வார்கள். பழைய மெஷினில் அந்தச் செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

டாப் லோடு ரிப்பேர்கள் சில்லறை ரகம். ஸ்பின்னில் தொட்டி பாடியில் இடித்தால் சஸ்பென்ஷன் ராடு தளர்ந்திருக்கும். நாலையும் ஒன்றாக மாற்றுவது நல்லது, ஒன்றை மட்டும் மாற்றினால் தொட்டி சாயும். தண்ணீர் ஏற ஏற வெளியேறிக்கொண்டே இருந்தால் டிரெயின் வால்வில் ஊக்கோ நாணயமோ சிக்கியிருக்கும். எந்த மெக்கானிக்கும் வீட்டிலேயே முடித்துவிடுவார்.

மேல்தொட்டி உயரம் குறைந்து குழாயில் அழுத்தம் இல்லாத வீட்டுக்கும், குனிய முடியாதவர்களுக்கும் டாப் லோடே பொருந்தும். ஃபிரன்ட் லோடு என்று முடிவானால், லோ ஃபோம் சோப்பு மட்டும் போடுங்கள். துவைத்ததும் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கருப்புப் பூஞ்சை பிடித்து நாறும். வாங்கும் முன் தொட்டி பிரிக்கக்கூடியதா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள், விற்பனையாளரிடம் அல்ல. மோட்டாருக்கு நீண்ட வாரண்டி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள்; பேரிங் பெரும்பாலும் அதில் சேராது.