பாதிக்குப் பாதி என்றால் எதில் பாதி?

காரைக்குடியில் கணக்கெழுதும் தொழிலில் இருக்கும் எனக்குப் பங்குப் பத்திரம் எழுதுவது பழகிய வேலைதான் என்றாலும், மண்டிக்கும் மர வாடிக்கும்தான் அதுவரை எழுதியிருந்தேன். சென்ற ஆண்டு கானாடுகாத்தானிலிருந்து இருவர் வந்தார்கள். மூத்தவர் கதையும் உரையாடலும் எழுதிக் குரலும் கொடுப்பவர். இளையவர் படம் வரைந்து அதை அசைய வைப்பவர். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சியையும் அவருடன் வாயாடும் ஒரு பூனையையும் வைத்து, நான்கு நிமிடம் வீதம் எட்டுப் பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடரை யூடியூபில் வெளியிட்டிருந்தார்கள். "பாதிக்குப் பாதிண்ணே, அதுக்கு எதுக்குப் பத்திரம்?" என்றார் இளையவர். எதில் பாதி என்று கேட்டதற்கு இருவரிடமும் விடை இல்லை. அவர்களுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கைத்தான், ஆட்களை அடையாளம் காண முடியாதபடியும் தொகைகளை முழு எண்ணாக்கியும் இங்கே தருகிறேன்.

எட்டுப் பகுதிகளுக்கும் கையிலிருந்து போன பணம் 1,60,000 ரூபாய். ஒலிப்பதிவு அறை வாடகை, மற்ற குரல்களுக்கான சம்பளம், இசை, மென்பொருள் சந்தா எல்லாம் இதில் அடக்கம். இதில் எழுதியவர் போட்டது 1,20,000. வரைந்தவர் போட்டது 40,000. உழைப்பைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. எழுத்துக்கும் பதிவுக்கும் மொத்தம் 40 நாள் போயிருந்தது. வரைந்தவருக்கோ 192 நாள். மாதம் நான்கு நிமிடப் படம் என்பது, பின்னணியும் தானே வரைந்து தனி ஒருவராகச் செய்பவருக்கு மெத்தனமான வேகமன்று. முதல் ஆண்டில் விளம்பரம், ஒரு பலகாரக் கடையின் விளம்பர உதவி, ஒரு சிறுவர் புத்தகம் ஆகிய மூன்றிலுமாக வந்தது 3,00,000 ரூபாய்.

இந்த மூன்று லட்சத்தைப் பிரிக்க நான்கு வழிகளை எடுத்துக்கொண்டோம். முதல் வழியில், வந்த பணம் வந்தபடியே இரண்டாகப் பிரியும். செலவு அவரவர் பாடு. இரண்டாவது வழியில், போட்ட முதலை அவரவர் எடுத்துக்கொண்ட பிறகு மீதி சரிபாதியாகும். மூன்றாவது வழியில், முதலுக்கு அடுத்தபடியாக உழைத்த நாளுக்கும் ஒரு கூலியைப் பற்று வைத்து, அதையும் கழித்த பிறகே பாதி பிரியும்; நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தோம். நான்காவது வழியில், முதல் போனபின் மீதியை எழுதியவருக்கு 35, வரைந்தவருக்கு 65 என்று நிலையான விழுக்காட்டில் பிரிப்பார்கள். அவரவர் போட்ட முதலைக் கழித்தபின் கையில் நிற்கும் தொகை இது:

| வழி | எழுதியவர் | வரைந்தவர் |
|---|---|---|
| வரவில் பாதி | 30,000 | 1,10,000 |
| முதல் போக மீதியில் பாதி | 70,000 | 70,000 |
| முதலும் கூலியும் போக மீதியில் பாதி | 32,000 | 1,08,000 |
| முதல் போக 35:65 | 49,000 | 91,000 |

இளையவர் கேட்ட "பாதிக்குப் பாதி" முதல் இரண்டு வரிகளுக்கும் ஒருங்கே பொருந்தும் என்பதையும், அவை இரண்டுக்கும் இடையே அவருக்கு 40,000 ரூபாய் வேறுபாடு இருப்பதையும் பார்த்தபோதுதான் இருவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டாவது வழி நியாயமானது போலத் தோன்றும், ஏனென்றால் இரு பக்கமும் ஒரே எண். ஆனால் அதை நாளுக்கு வகுத்தால் எழுதியவருக்கு 1,750 ரூபாயும் வரைந்தவருக்கு ஏறத்தாழ 365 ரூபாயும் விழுகின்றன. பணத்தை முதலாகவும் உழைப்பை இலவசமாகவும் கருதுகிற கணக்கு அது.

முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் தொகை ஏறக்குறைய ஒன்றாக வந்தது தற்செயல்தான். மூன்று லட்சம் ஒரு லட்சமாகக் குறைந்தால் அந்த ஒற்றுமை கலைந்துவிடும். அப்போது முதல் வழியில் ஆளுக்கு 50,000 கிடைக்கும். எழுதியவர் 70,000 ரூபாய் நட்டத்தில் நிற்பார், வரைந்தவர் 10,000 ரூபாய் லாபத்தில் இருப்பார். மற்ற மூன்று வழிகளிலும் வந்த லட்சம் முழுவதும் முதலுக்கே போய்விடும். போட்ட விகிதத்தில் பிரித்தால் எழுதியவருக்கு 75,000, வரைந்தவருக்கு 25,000. எட்டு மாதம் இரவும் பகலும் திரைக்கு முன் உட்கார்ந்தவர் அதன் பிறகும் 15,000 ரூபாய் கைப்பொருள் இழந்திருப்பார். மூன்றாவது வழியில் அவர் கூலி ஏட்டில் பற்றாக நின்று அடுத்த ஆண்டுக்குப் போகும் என்பது ஓர் ஆறுதல்தான், ஆனால் ஏட்டில் நிற்கும் பற்றைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது.

ஆகவே மூன்றாவது வழியையே கொண்டு, ஒரு திருத்தத்தை நான் சொன்னேன்: எந்த வரவு வந்தாலும் அதில் 20 விழுக்காட்டை முதலுக்கு முன்பே கூலிக் கணக்குக்கு ஒதுக்கிவிட வேண்டும், அதை நிலுவைக் கூலியின் விகிதத்தில் இருவரும் எடுக்க வேண்டும். லட்சம் வந்த மெலிந்த ஆண்டில் இதனால் 20,000 கூலிக்கும் 80,000 முதலுக்கும் போகும். பணம் போட்டவர் தன் முதலைச் சற்றுத் தாமதமாகத்தான் பார்ப்பார் என்றாலும், வரைபவர் இரண்டாம் பருவம் வரை தாக்குப்பிடிப்பது அவருக்கும் ஆதாயமே.

நான்காவது வழியை நான் ஒதுக்கியதற்குக் காரணம் இரண்டாம் ஆண்டில் தெரியும். புதிய பகுதி எதுவும் எடுக்காமல், பழைய எட்டுப் பகுதிகளே செலவு போக 1,90,000 ஈட்டின என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வழியில் கூலி முன்பே தீர்ந்துவிட்டதால் ஆளுக்கு 95,000. நான்காவது வழியில் எழுதியவருக்கு 66,500, வரைந்தவருக்கு 1,23,500. ஒருமுறை செய்த 192 நாள் உழைப்புக்கு ஆண்டுதோறும் கூடுதல் பங்கு கொடுத்துக்கொண்டே இருப்பதா என்பது இருவரின் விருப்பம். வரைந்தவர் அதைக் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் இரண்டாம் பருவத்தில் சம்பளத்துக்கு ஒரு உதவி வரைஞர் வந்து, இளையவரின் வேலை நாள் பாதியாகக் குறைந்தாலும் 65 அப்படியே நிற்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் விழுக்காட்டைப் பேரம் பேச உட்கார வேண்டியிருக்கும். நாள்கூலிக் கணக்கில் நாட்குறிப்பு தானாகவே அதைச் சரிசெய்துவிடும்.

அந்த நாட்குறிப்பில்தான் இந்த வழியின் பலவீனமும் இருக்கிறது. நாளுக்குக் கூலி என்றால் வேலையை இழுக்கத் தோன்றும். அதனால் நாளுக்குப் பதில் முடிந்த நிமிடத்துக்கு ஒரு தொகை என்று மாற்றினோம்: 192 நாளில் 32 நிமிடம் என்பது நிமிடத்துக்கு 6 நாள், அதாவது 3,000 ரூபாய். எழுதுபவருக்குப் பகுதிக்கு 5 நாள் வீதம் 2,500 ரூபாய். படம் வெளியான நாளில் கூலி ஏறும். மேலே ஒரு மாதம் ஆனாலும் ஏறாது.

வரவு என்பது எது என்று வரையறுப்பதில்தான் அடுத்த சிக்கல் இருந்தது. நீண்ட காணொளிகளுக்கான விளம்பர வருவாயில் 45 விழுக்காட்டை யூடியூப் முன்பே எடுத்துக்கொண்டுதான் நமக்கு 55 விழுக்காட்டைக் காட்டுகிறது. அதில் பூசல் இல்லை. பூசல் வருவது அதற்குப் பிறகு. சேனலுடன் இணைந்த ஆட்சென்ஸ் கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும், பணமும் அவருக்குத்தான் வரும். பலகாரக் கடைக்காரர் 1,50,000 ரூபாயில் 10 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு 1,35,000 மட்டும் அனுப்பினார் என்றால், பிடித்த 15,000 செலவன்று. கணக்கு வைத்திருப்பவரின் பான் எண்ணில் அவருக்காகக் கட்டப்பட்ட வரி. வங்கியில் வந்ததை மட்டும் பார்த்து 1,35,000 ரூபாயை இரண்டாகப் பிரித்தால், அந்த 15,000 ரூபாயின் முழு வரவும் ஒருவருக்கே சேர்ந்துவிடும். அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் வருவாயில் அந்நாடு பிடிக்கும் வரியும் இப்படித்தான், அதை இங்கே ஈடுசெய்து கொள்ள உரிமை உள்ளவர் கணக்கின் சொந்தக்காரர். எனவே வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையே வரவு என்று எழுதினோம்; வங்கி மாற்றுக் கட்டணம் மட்டும் கழியும். மொத்த வருமானத்தையும் தன் பெயரில் காட்டி வரி கட்டும் தலைவலி வேண்டாமென்றால் இருவரும் கூட்டு நிறுவனமாகப் பதிந்து, அதன் பெயரில் தனி பான் எண் வாங்கலாம். ஆனால் நிறுவனத்தின் லாபத்துக்கு 30 விழுக்காடு என்பதால், சிறு வருமானத்தில் அது கட்டுப்படியாகாது.

எழுத்தே இல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று மூத்தவர் கேட்டார். நடந்துகொண்ட விதத்தை வைத்து அவர்களைக் கூட்டாளிகள் என்று நீதிமன்றம் கருதினால், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பேசும்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமம், வேலை செய்ததற்குக் கூலி கிடையாது, ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி. அதாவது நான் மேலே குறை சொன்ன இரண்டாவது வழியே, வாய் திறக்காதவர்களுக்குச் சட்டம் தரும் வழி.

வருவாய்ப் பங்கும் உரிமையும் ஒன்றல்ல. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் புள்ளி எனப்படும் ஒவ்வொரு தம்பதியின் குடும்பத்துக்கும் பூட்டுச் சாவியுடன் தனி அறையும் தனி அடுப்பும் இருந்தாலும், வளவு என்னும் நடுமுற்றம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதைப் போல, இங்கேயும் எழுத்து எழுதியவருடையது, வரைந்த படம் வரைந்தவருடையது, ஆச்சியும் பூனையும் தொடரின் பெயரும் பொது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றுவது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ஆகவே பொதுவானவற்றை எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று குறித்தோம். ஒருவர் விலகினால், அவர் உழைத்த பகுதிகளின் பங்கு அவருக்குத் தொடரும், புதிய பகுதிகளில் இருக்காது. ஆச்சியையும் பூனையையும் விலகியவரோ இருப்பவரோ தனியாக எடுத்துக்கொண்டு வேறு தொடர் எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சிறு விவகாரம் அரை மணி நேரம் எடுத்தது. படத்தை இறுதி வடிவமாக்கும் வேலை இளையவரின் வீட்டுக் கணினியில் இரவு முழுவதும் ஓடும். அந்த மின்கட்டணம் செலவா, வீட்டுக் கணக்கா? வீட்டில் குளிர்சாதனமும் ஓடுவதால் பிரித்து அளக்க வழியில்லை. மின்கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அதற்கென்று ஒவ்வொரு முறையும் 400 ரூபாய் நிலையாகப் பற்று வைப்பது, ரசீது கேட்பதில்லை என்று முடிந்தது. "ஐந்நூறா வச்சுக்கலாமாண்ணே?" என்று இளையவர் எழுந்தபடியே கேட்டார். மூத்தவர் பேனாவை வாங்கி நானூறை அடித்துவிட்டு 450 என்று எழுதி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டார்கள்.