"செஸ்ட் பெயின் சின்ஸ்" என்று மெசேஜ் வந்து நின்றுபோனால்: காரைக்குடி சுற்றுவட்டார மக்கள் கவனத்துக்கு

காரைக்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் ஆச்சிக்கு நடந்தது இது. வயது 68. ஓய்வு பெற்ற ஆசிரியை, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மகன் சிங்கப்பூரில். தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மாதாமாதம் போகும் தனியார் கிளினிக் ஒன்று "24 மணி நேரமும் வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளலாம்" என்று சீட்டிலேயே நம்பர் அச்சடித்துக் கொடுத்திருந்தது. ஆச்சியின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் கிளினிக்கின் பெயரையும் விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

காலை 5:42க்கு அந்த நம்பருக்கு ஆச்சியிடமிருந்து ஒரு மெசேஜ் போனது. இங்கிலீஷ் எழுத்தில் மூன்றே சொல்: செஸ்ட் பெயின் சின்ஸ். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அதே நிமிடம் "தங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்வோம்" என்று தானியங்கிப் பதில் வந்தது. மனிதர் ஒருவர் அதைப் பார்த்தது 7:05க்கு. பார்த்தவர் "எப்போலேர்ந்து வலி மேடம்? முழுசா அனுப்புங்க" என்று எழுதினார். இரண்டு சாம்பல் டிக் விழுந்தது, நீலமாகவில்லை. 7:50க்கு "மேடம்?" என்று இன்னொன்று. எட்டு மணிக்கு டூட்டி மாறியது. அடுத்து வந்தவரிடம் "ஆச்சி ரிப்ளை பண்ணல" என்று மட்டும் சொல்லப்பட்டது. 9:10க்கு அந்த உரையாடலில் "பதில் இல்லை" என்று குறித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு நேரத்தில் ஒருவர்கூடப் போன் அடிக்கவில்லை.

கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் சமையல் வேலைக்கு வரும் அம்மா பின்கட்டுக் கதவைத் தட்டி, "ஆச்சி, கதவைத் திறங்க" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து உள்ளே போனார். ஆச்சி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நினைவு இருந்தது. வாந்தி எடுத்திருந்தார், சேலை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. போன் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது டைப் செய்யும் இடத்தில் அனுப்பாமல் நின்ற ஓர் எழுத்து: 4. வலி விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் 9:50க்கு எடுத்த ஈ.சி.ஜி.யில் இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு. ஆச்சி பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்ப் பலம் குறைந்துவிட்டது. இன்று ஒரு தெரு நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

கிளினிக்கில் கேட்டதற்கு, "பேஷண்ட் முழுசா சொல்லலையே, நாங்க கேட்டோமே" என்றார்கள். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

நெஞ்சு வலி என்று தொடங்கி பாதியில் நின்ற மெசேஜை "விவரம் போதாத மெசேஜ்" என்று எடுத்துக்கொள்வதுதான் அடிப்படைத் தவறு. முழுசாக எழுதியவரைவிட பாதியில் நிறுத்தியவர்தான் அவசரமானவர். ஏன் நின்றிருக்கும் என்று யோசியுங்கள். வியர்த்து, தலை சுற்றி, வாந்தி வந்து, கை நடுங்கி போன் விழுந்திருக்கலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகி மயங்கியிருக்கலாம். மாரடைப்பில் அப்படித் துடிப்பு கெடுவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான். சார்ஜ் தீர்ந்திருக்கவும் செய்யலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் எது நடந்தது என்பது திரையைப் பார்த்தால் தெரியாது. இரண்டு டிக் விழுந்தால் போனுக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே அர்த்தம், மனிதர் நலமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வலி எங்கே, எப்படி, அமுக்கினால் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டு "இது சதை வலிதான், நாளைக்கு வாங்க" என்று முடிவு செய்ய ஒருவரின் குரல் வேண்டும். குரல் கேட்காத வரை அந்த முடிவுக்குப் போக வழியே கிடையாது.

ஆகவே 7:05க்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். பதில் டைப் செய்யாமல் உடனே போன் அடித்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் காலில் அல்ல, சாதாரணக் காலில். நெட் இல்லாவிட்டாலும் அது மணியடிக்கும். நோயாளியின் போனில் பெயரோடு பதிவாகியிருக்கும் நம்பரிலிருந்து அடிக்க வேண்டும். தெரியாத நம்பர் என்றால் விளம்பரக் கால் என்று பலர் எடுப்பதில்லை. மணி முழுசாக அடித்து முடியும் வரை விட்டு, எடுக்காவிட்டால் உடனே மறுபடி. நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் 04565 லேண்ட்லைன் இருக்கிறது, அதற்கும் ஒரு தடவை. இதற்குள் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் நோயாளியின் பதிவேட்டை எடுத்து, அவசரத் தொடர்பு நம்பரையும் முகவரியையும் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு அழைப்புக்கும் பதில் இல்லை என்றால் ஒருவர் உறவினரையோ அக்கம்பக்கத்தாரையோ அழைக்க, மற்றவர் 108ஐ அழைக்க வேண்டும். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று காத்திருக்கக் கூடாது. மெசேஜைப் பார்த்த நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் 108க்குத் தகவல் போயிருக்க வேண்டும். அதாவது 7:10க்கு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டிருக்கும்.

"ஆச்சி குளிக்கப் போயிருந்தால்?" என்று கேட்பார்கள். போயிருந்தால் திரும்ப அழைத்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வீண் அழைப்பால் வரும் நஷ்டம் அவ்வளவுதான். ஆச்சி வீட்டில் 7:05க்கு முந்தைய 83 நிமிடம் யாரும் பார்க்காததால் போனது. அதற்குப் பிந்தைய 125 நிமிடம், பார்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததால் போனது. இரண்டாவதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் ஊசியும் ஆஞ்சியோபிளாஸ்டியும், வலி தொடங்கி முதல் 12 மணி நேரத்துக்குள் பலன் தருபவை. அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் காப்பாற்றும் இதயச் சதை அளவு பிறகு கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வதும் அதனால்தான்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், முகவரி. பதிவேட்டில் கதவு எண்ணும் தெருவும் இருக்கும். ஊரில் அந்த வீட்டை எல்லாரும் அறிவது விலாச எழுத்துகளால். வீட்டுக்கு முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் பின்கட்டு வாசல். முகப்பு உள்தாழ்ப்பாள் போட்டு இரும்புக் கம்பி குறுக்கே கிடக்கும். ஆள் அடுப்படியில் விழுந்திருந்தால் முன்வாசலில் எவ்வளவு தட்டினாலும் கேட்காது. எனவே 108ல் பேசும்போது ஊர், தெரு, வீட்டு விலாசம், பக்கத்து ஊருணி அல்லது கோயில், எந்தத் தெரு வாசலுக்கு வண்டி வர வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் தெருவில் நின்று கை காட்ட வேண்டும். உயர்ந்த நிலைப்படி, திண்ணை ஏற்ற இறக்கம் எல்லாம் தாண்டி ஸ்ட்ரெச்சர் வர வேண்டியிருப்பதால், இரண்டு பேர் கூட இருந்தால் நல்லது.

ஆச்சியின் பதிவேட்டில் அவசரத் தொடர்பு என்று இருந்தது மகனின் சிங்கப்பூர் நம்பர் ஒன்றுதான். அந்த மகனுக்கே 7:05க்குச் சொல்லியிருந்தாலும் அங்கிருந்து 108ஐ அடிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து அந்தக் குறுநம்பர் கிடைக்காது. பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள்: நடந்து வந்து கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் நம்பரைக் கிளினிக்கில் எழுதிக் கொடுங்கள். பின்கட்டுச் சாவி ஒன்று அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும்.

போனை எடுத்துவிட்டால் நீண்ட விசாரணை வேண்டாம். வலி 15 நிமிடத்துக்கு மேல் இருக்கிறதா, வியர்க்கிறதா, கை, தாடை, முதுகுக்குப் பரவுகிறதா, மூச்சு முட்டுகிறதா. இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் 108தான். அவரே பைக்கிலோ பஸ்ஸிலோ புறப்படக் கூடாது. உட்கார்ந்திருக்கட்டும், வாசல் தாழ்ப்பாளை எடுத்து வைக்க முடிந்தால் வைக்கட்டும், அழைப்பைத் துண்டிக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமல் வெறும் மூச்சு வாங்கலாக, மேல்வயிற்று எரிச்சலாக வரலாம். அடிப்பக்கச் சுவர் மாரடைப்பு பல சமயம் வாய்வு மாதிரிதான் இருக்கும். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம் போவது அதனால்தான்.

ஆஸ்பிரின் பற்றியும் சொல்ல வேண்டும். அலர்ஜியோ, ரத்தக் கசிவோ, கறுப்பு மலமோ இல்லை என்று டாக்டரோ நர்ஸோ போனில் கேட்டு உறுதிசெய்த பிறகு, 300 மி.கி. அளவு மென்று விழுங்கச் சொல்வார்கள். 75 மி.கி. மாத்திரை என்றால் நான்கு. மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைப்பது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தால், முக்கியமாக அடிப்பக்கச் சுவர் மாரடைப்பில், அது ஆளையே மயக்கிவிடும். டாக்டர் சொல்லாமல் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால், அரசின் "இதயம் காப்போம்" திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகள் அங்கே வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் சேர்த்து 14 மாத்திரை. ஆம்புலன்ஸ் தாமதமானால் அது உதவும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது, ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கிளினிக் நடத்துபவர்களிடம் ஆச்சியின் குடும்பம் இரண்டு கேட்கிறது. இரவில் பார்க்க ஆள் இல்லையென்றால் 24 மணி நேரம் என்று அச்சடிக்காதீர்கள். தானியங்கிப் பதிலில் "விரைவில் தொடர்பு கொள்வோம்" என்பதை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "இந்த நம்பரை இப்போது யாரும் பார்க்கவில்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் டைப் செய்ய வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்." 5:42க்கு ஆச்சி கையில் போன் இருந்தபோது, விரல் அந்த ஓர் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால், திரையில் அது வந்திருக்கும்.